ஒரு நாள் கான்கிரீட்டுக்கு எத்தனை கியூப்?

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க 150 மில்லிமீட்டர் கியூப்கள் வார்க்கப்படுகின்றன. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன்படி, ஒரே தரக் கான்கிரீட் 5 கனமீட்டர் வரை போட்டால் ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 50 கனமீட்டருக்கும் ஒன்று கூடும். மாதிரிக்கு மூன்று கியூப். அவற்றின் சராசரியே முடிவு.

நாளுக்கு 40 கனமீட்டர் என்றால் நான்கு மாதிரி. 28-ஆம் நாள் சோதனைக்கு 12 கியூப். 7-ஆம் நாளும் சோதிப்பதானால் இன்னும் 12. ஆக 24 மோல்டு.

மோல்டை 24 மணி நேரம் கழித்தே கழற்றலாம். முந்தினால் விளிம்பு உடையும். மாலை நான்கு மணிக்கு நிரப்பியது மறுநாள் காலை வேலைக்குக் கிடைக்காது. எனவே தினமும் கான்கிரீட் போடும் இடத்தில் இரண்டு செட், 48 மோல்டு, கையிருப்பில் வேண்டும்.