தோட்டக் கம்பனியின் ஐந்தொகையில் தொழிலாளியின் காசு

நாட்சம்பளத்தைப் பற்றிய பேச்சு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ எழுகின்ற ஒவ்வொரு காலத்திலும், கம்பனி இலாபம் காட்டியிருக்கிறதே என்று தொழிற்சங்கத்தார் கேட்பதும், இலாபம் ஏட்டில் இருக்கிறது, கையிலே காசில்லை என்று நிர்வாகத்தார் விடை சொல்வதும் வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே சமயத்தில் மெய்யாக இருக்கக்கூடும் என்பதையும், அவ்வாறிருக்கும்போது காசு எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போயிற்று என்பதைச் சாதாரணக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் தாமே கண்டறியலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் முகாமை 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய ஊர்ப்பெயர்களைத் தாங்கிய கம்பனிகள் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருப்பதால், அவற்றின் ஆண்டறிக்கைகளைப் பங்குதாரர் அல்லாதவரும் சந்தையின் இணையத்தளத்திலிருந்து எடுத்து வாசிக்கலாம். அவ்வறிக்கைகளிலே காசுப் பாய்ச்சல் கூற்று ஒன்று ஏற்கெனவே இருக்கும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 7 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆயினும் அந்த அச்சிட்ட கூற்றில் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், உர வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் ‘வர்த்தக மற்றும் ஏனைய கொடுபட வேண்டியவை’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிப் போவது உண்டாதலால், இரண்டு ஐந்தொகைகளையும் ஒரு வருமானக் கூற்றையும் குறிப்புகளோடு முன்னே வைத்துக்கொண்டு அக்கூற்றை நாமே கட்டிப் பார்ப்பது பிரயோஜனமான காரியமாகும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அதன் வருமானக் கூற்றில் விற்பனை வருமானம் 2,400 மில்லியன் ரூபாய். வட்டியும் வரியும் போக எஞ்சிய இலாபம் 30 மில்லியன். பெறுமானத் தேய்வாக 90 மில்லியன் செலவெழுதப்பட்டிருக்கிறது. யூக்கலிப்டஸ் முதலிய வெட்டுமரங்கள் வளர்ந்து பெறுமதி கூடியதற்காக 70 மில்லியன் வருமானமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐந்தொகைகள் பின்வருமாறு (மில்லியன் ரூபாய்):

| விபரம் | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு |
|---|---|---|
| தேயிலைச் செடி, கட்டடம், இயந்திரம் | 1,800 | 1,860 |
| வெட்டுமரங்கள் | 500 | 570 |
| இருப்பு | 210 | 250 |
| வரவேண்டியவை | 160 | 190 |
| காசு | 40 | 15 |
| மொத்தச் சொத்து | 2,710 | 2,885 |
| பங்கு மூலதனம் | 660 | 660 |
| பிடித்துவைத்த வருவாய் | 510 | 540 |
| வங்கிக் கடன் | 620 | 650 |
| பணிக்கொடை ஏற்பாடு | 700 | 730 |
| கடன்கொடுத்தோர் | 195 | 210 |
| சேமலாப, நம்பிக்கை நிதிப் பாக்கி | 25 | 95 |
| மொத்தம் | 2,710 | 2,885 |

முதலிலே செய்ய வேண்டியது விடையைக் குறித்துவைப்பது. காசு 40 இலிருந்து 15 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே நாம் கட்டப்போகும் கூற்றின் கடைசி வரி 25 மில்லியன் குறைவு என்று முடிய வேண்டும். வங்கி மேலதிகப்பற்று இருக்குமானால் அதையும் காசிலிருந்து கழித்தே இந்த வித்தியாசத்தைக் காண்பது வழக்கம்.

அடுத்தபடியாக, இலாபமாகிய 30 இல் தொடங்கி, காசு சம்பந்தப்படாத பதிவுகளை நீக்க வேண்டும். பெறுமானத் தேய்வு இலாபத்தைக் குறைத்ததேயன்றி எவர் கைக்கும் காசாகப் போகவில்லை. எனவே 90 ஐத் திருப்பிக் கூட்டுகிறோம். மரங்களின் பெறுமதி கூடியதோ இலாபத்தை உயர்த்தியது. ஆனால் ஒரு மரமும் வெட்டி விற்கப்படவில்லை. எனவே 70 ஐக் கழிக்கிறோம். பணிக்கொடைக்காக இவ்வாண்டு செலவெழுதிய தொகைக்கும் ஓய்வுபெற்றோர்க்கு மெய்யாகவே கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசந்தான் அந்த ஏற்பாடு 700 இலிருந்து 730 ஆக ஏறியதற்குக் காரணம். அந்த 30 ஐக் கூட்டுகிறோம்.

மூன்றாவதாக, அன்றாட வியாபாரத்தின் நிலுவைகள். சொத்து ஏறினால் காசு அதிலே முடங்கியது என்றும், பொறுப்பு ஏறினால் கொடுக்க வேண்டிய காசு கையிலேயே நின்றது என்றும் கொள்வதே விதி. விற்காத தேயிலையும் உரமும் 40 கூடியதால் 40 கழிவு. தரகர்களிடமிருந்து வரவேண்டியவை 30 கூடியதால் 30 கழிவு. கடன்கொடுத்தோர் 15 கூடியதால் 15 கூட்டல். நிதிப் பாக்கி 70 கூடியதால் 70 கூட்டல்.

நான்காவதாக, முதலீடு. தேயிலைச் செடி முதலிய சொத்துகள் 1,800 இலிருந்து 90 தேய்ந்து 1,710 ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஆண்டிறுதியில் 1,860 இருப்பதால், மறுநடுகைக்கும் இயந்திரத்துக்கும் 150 மில்லியன் செலவிட்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. இறுதியாக, வங்கிக் கடன் 30 கூடியிருக்கிறது. பிடித்துவைத்த வருவாய் இலாபத்தின் அளவே உயர்ந்திருப்பதால் பங்கிலாபம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

| காசுப் பாய்ச்சல் கூற்று | மில்லியன் ரூபாய் |
|---|---|
| இலாபம் | 30 |
| பெறுமானத் தேய்வு | +90 |
| மரப் பெறுமதி உயர்வு | −70 |
| பணிக்கொடை ஏற்பாடு | +30 |
| இருப்பு | −40 |
| வரவேண்டியவை | −30 |
| கடன்கொடுத்தோர் | +15 |
| நிதிப் பாக்கி | +70 |
| தொழிற்பாட்டுக் காசு | 95 |
| முதலீடு | −150 |
| வங்கிக் கடன் | +30 |
| காசின் மாற்றம் | −25 |

கணக்கு பொருந்திவிட்டது என்று இவ்விடத்தில் ஏட்டை மூடிவிடலாகாது. பொருந்துவது ஒன்றே சரியென்பதற்கு அத்தாட்சியாகாது. மரங்களின் பெறுமதி உயர்வைக் கழிக்க மறந்த ஒருவர், ஐந்தொகையில் மரங்கள் 70 ஏறியிருப்பதைக் கண்டு அதை மரக்கன்று வாங்கிய முதலீடாக எழுதிவிட்டால், தொழிற்பாட்டுக் காசு 165 என்றும் முதலீடு 220 என்றும் வந்து, அப்போதும் கடைசி வரி 25 குறைவு என்றே முடியும். ஒரு சதமும் கைமாறாத பதிவு இவ்வாறு இரண்டு இடங்களில் பொய்யான தோற்றத்தை உண்டாக்கும். ஆதலால் மரங்களைப் பற்றிய குறிப்பைத் திறந்து, பெறுமதி உயர்வு எவ்வளவு, மெய்யாகச் செலவிட்டது எவ்வளவு, வெட்டி விற்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தே எழுத வேண்டும்.

இனி, தொழிற்பாட்டுக் காசாகிய 95 ஐ நோக்குவோம். தொழில் நடத்தி ஈட்டிய காசு என்று பார்வைக்குத் தோன்றும் அத்தொகையில் 70 மில்லியன், தொழிலாளரின் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்குக் கட்டாமல் நிறுத்திவைத்த பணமாகும். அதை நீக்கினால் எஞ்சுவது 25 மில்லியன் மாத்திரமே. இது இயல்பான நிலுவைதானா, தவணை தவறியதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரால் 12 வீதமும், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரால் 3 வீதமும், ஆக 23 வீதம் செலுத்தப்பட வேண்டும். ஒரு மாதத்துக்குரியதை அடுத்த மாத இறுதிக்குள் கட்டிவிட வேண்டும். நம் கம்பனியின் ஆண்டுச் சம்பளச் செலவு 1,200 மில்லியன் என்று குறிப்புகளில் கண்டால், மாதச் சம்பளம் 100 மில்லியன், மாதத்துக்குக் கட்ட வேண்டியது 23 மில்லியன். சென்ற ஆண்டின் 25 மில்லியன் ஏறக்குறைய ஒரு மாத நிலுவை; அதில் ஐயுற இடமில்லை. இவ்வாண்டின் 95 மில்லியனோ நான்கு மாதத்துக்கும் மேற்பட்டது. கூடிய 70 மில்லியனில், 23 க்கு 8 என்ற விகிதப்படி, 24 மில்லியனுக்கு மேற்பட்ட தொகை கொழுந்து பறித்தவரின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்ட அவருடைய சொந்தப் பணம்.

பணிக்கொடை வேறு வகையான அபாயத்தை உடையது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியாக்கிய நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று கொண்டால், 25 வருடம் உழைத்தவருக்கு இது 4,72,500 ரூபாயாகும். நம் கம்பனி ஐந்தொகையில் 730 மில்லியனை ஏற்பாடாக எழுதியிருந்தாலும் அத்தொகை எந்தப் பெட்டியிலும் தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. கையிலிருப்பது 15 மில்லியன்தான். எல்லாரும் ஒரே நாளில் ஓய்வுபெறப் போவதில்லையாயினும், ஆண்டுதோறும் ஓய்வுபெறுவோருக்கு உரியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று பணிக்கொடைக் குறிப்பில் தேடுவது அவசியம். செலவெழுதியது 110 மில்லியன் என்று அங்கே கண்டால், 700 உடன் 110 ஐக் கூட்டி 730 ஐக் கழிக்க, கொடுத்தது 80 என்று வரும். காப்புக் கணிப்பாளரின் மதிப்பீட்டு மாற்றங்கள் வருமானக் கூற்றுக்கு வெளியே பதியப்படுவதுண்டாதலால் குறிப்பைப் பாராமல் இந்த எண்ணை முடிவாகக் கொள்ளலாகாது.

இக்கணக்கு கம்பனி முழுமைக்கும் உரியது. எந்தத் தோட்டத்தில், எவருடைய பெயரில் பாக்கி நிற்கிறது என்பதை அது சொல்லாது. அதைத் தனியாள் ஒவ்வொருவரும் தம் சம்பளச் சிட்டையில் கழித்த தொகையையும், சேமலாப நிதிக் கணக்குக் கூற்றில் வரவு வைத்த தொகையையும் மாதவாரியாக ஒப்பிட்டே அறிய வேண்டும். அரசுக்குரிய ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்ட யாக்கம் ஆகியவற்றின் நிதிப் பாக்கிகளும் பணிக்கொடைப் பாக்கிகளும் பாராளுமன்றக் குழுவிலும் கணக்காய்வு அறிக்கைகளிலும் பேசப்பட்டவையே. இத்தகைய அரச நிறுவனங்களின் கணக்குகளை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.

பரிகாரமும் சட்டத்திலேயே உண்டு. நிதிப் பணம் கட்டப்படவில்லை என்று கண்டவர் அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை, சம்பளச் சிட்டைகள் ஆகியவற்றோடு ஹட்டன் அல்லது நுவரெலியாத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். தவணை தப்பிய சேமலாப நிதிக்குத் தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 முதல் 50 வீதமும், பணிக்கொடைக்கு 10 முதல் 30 வீதமும் மேலதிகம் விதிக்கப்படும். தொழில் திணைக்களம் சான்றிதழ் அனுப்பி நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அதை அறவிடவும் அதிகாரம் பெற்றிருக்கிறது. வெறும் சந்தேகத்தைச் சொல்லும் முறைப்பாட்டைக் காட்டிலும், பாக்கி எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்று கணக்கிட்டுக் காட்டும் முறைப்பாடு விசாரணையை விரைவில் நிலைக்குக் கொண்டுவரும். ஆகையால் தோட்டத் தலைவர்மார் அடுத்த ஆண்டறிக்கை வெளிவந்ததும் அந்த இரண்டு ஐந்தொகைகளிலும் நிதிப் பாக்கி என்ற வரியை முதலிலே தேடி, அதை மாதக் கட்டணத்தால் வகுத்துப் பார்ப்பார்களாக.