ஆளி விதையில் பாதி வழிதான்

ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியில் சுமார் 1.6 கிராம் ஒமேகா 3 உண்டு. ஆனால் அது ஏ.எல்.ஏ. என்ற வகை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது டி.எச்.ஏ. உடல் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலோருக்கு நூற்றில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. அதாவது அந்தக் கரண்டியிலிருந்து 16 மில்லிகிராம்கூடக் கிடைக்காது. வால்நட்டுக்கும் இதே கதைதான்.

காரணம், மாற்றும் நொதி ஒன்றே. சூரியகாந்தி எண்ணெயிலுள்ள ஒமேகா 6-உம் அதற்கே போட்டியிடுகிறது. ஆகவே அந்த எண்ணெயைக் குறைத்தால் மாற்றம் சற்றுக் கூடலாம். விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும். பொடித்தே சாப்பிட வேண்டும்.

மீனுக்கே டி.எச்.ஏ. கடல் நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியின் எண்ணெயில் அது நேரடியாகவே இருப்பதால், சைவர்களுக்கு மாற்றும் வேலை மிச்சம். வாங்கும்போது லேபிளில் மொத்த எண்ணெயின் அளவைப் பார்க்காமல், டி.எச்.ஏ. எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள்.