ஒரே கணினி, நான்கு பேர், ஒரு பிடிஎஃப் பிரிண்டர்

அலுவலகத்தில் இருப்பது ஒரே கணினி. அதில் நான்கு பேர் மாறி மாறி உட்காருகிறீர்கள். பில், கடிதம், சம்பளப் பட்டியல் எதுவானாலும் காகிதத்தில் எடுக்காமல் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். யார் உட்கார்ந்தாலும் அது முடிய வேண்டும். இதற்கு எந்த மென்பொருளை வாங்குவது?

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் எதையும் வாங்க வேண்டாம். Microsoft Print to PDF என்ற பிரிண்டர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இது ஒரு மெய்நிகர் பிரிண்டர் (பிரிண்டர் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும், இயந்திரம் இருக்காது, வரும் பக்கங்களைக் காகிதத்தில் அடிக்காமல் கோப்பாக எழுதும்). பிரிண்ட் கொடுக்க முடிகிற எந்த மென்பொருளிலிருந்தும் இதற்கு அனுப்பலாம்.

உங்கள் கணினியில் அது இருக்கிறதா? ஏதாவது ஒரு கடிதத்தைத் திறந்து Ctrl+P அழுத்திப் பிரிண்டர் பட்டியலைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
optionalfeatures
```

வரும் பட்டியலில் Microsoft Print to PDF என்ற வரியில் டிக் போட்டு OK கொடுங்கள். டிக் ஏற்கெனவே இருந்தும் பிரிண்டரைக் காணவில்லையா? டிக்கை எடுத்து, கணினியை அணைத்துப் போட்டு, மறுபடி டிக் போடுங்கள். இதற்கு நிர்வாகிக் கணக்கின் (கணினியின் அமைப்புகளை மாற்ற உரிமை உள்ள கணக்கு) கடவுச்சொல் தேவைப்படும்.

நான்கு பேருடைய கணக்கிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டுமா? வேண்டாம். இந்தப் பிரிண்டர் கணினிக்குப் பொதுவானது. ஒருமுறை வந்துவிட்டால் எல்லோருடைய பட்டியலிலும் தெரியும். ஆனால் எந்தப் பிரிண்டர் முதலில் வரும், எந்தத் தாள் அளவு, கோப்பு எங்கே போகும் என்ற மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு. சிக்கல் வருவது இந்த மூன்றில்தான்.

நான்கு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இதை அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அழைப்பு வந்தது: “சார், பில் அடிச்சா பேப்பரே வரல, ஏதோ பேர் கேக்குது.” முதல் நாள் மாலை அவர் ஒரு கடிதத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்திருந்தார். Let Windows manage my default printer என்ற அமைப்பு அவர் கணக்கில் இயங்கிக்கொண்டிருந்தது. அது இயங்கினால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே விண்டோஸ் முதல் பிரிண்டராக மாற்றிவிடும். பில் மென்பொருள் அதையே பிடித்துக்கொண்டது.

Settings திறந்து Printers & scanners பகுதிக்குப் போனால் இந்த அமைப்பைக் காணலாம். அதை நிறுத்திவிட்டு, காகிதப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து Set as default கொடுங்கள். இதை ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து ஒருமுறை செய்தாக வேண்டும். ஒருவர் செய்தது அடுத்தவருக்குச் சேராது. அன்று நான் மூன்று பேருடைய கணக்கில் மாற்றிவிட்டு, விடுப்பில் இருந்த நான்காமவரை மறந்தேன். அடுத்த வாரம் அதே அழைப்பு அவரிடமிருந்து வந்தது.

அடுத்தது தாள் அளவு. பிடிஎஃப்பை வேறிடத்தில் அச்சடிக்கும்போது மேலும் கீழும் வெள்ளை கூடியோ, ஓரம் வெட்டுப்பட்டோ வருகிறதா? கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் தாள் A4 ஆக இல்லாமல் Letter ஆக இருக்கும். Letter தாள் A4 தாளைவிடச் சற்று அகலம் கூடியது, உயரம் குறைந்தது.

இதைப் பெரும்பாலானோர் Printing preferences என்ற இடத்தில் மாற்றுகிறார்கள். அந்த மாற்றம் அவருக்கு மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே தடவையில் மாற்ற, நிர்வாகிக் கணக்கில் Printer properties திறந்து, Advanced தாவலில் Printing Defaults பொத்தானை அழுத்தித் தாளை A4 ஆக்குங்கள். முன்பே தனக்கென்று தாளை மாற்றி வைத்தவருக்கு அவருடைய பழைய தேர்வே நிற்கும். அவர் மட்டும் தம் கணக்கில் ஒருமுறை திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, கோப்பு எங்கே போகிறது? பிரிண்ட் கொடுத்ததும் Save Print Output As என்ற கட்டம் வந்து இடமும் பெயரும் கேட்கும். அவசரத்தில் பெயரை மட்டும் தட்டிவிட்டு, பிறகு கோப்பைத் தேடுகிறவர்கள் ஏராளம். எல்லோரும் பார்க்க வேண்டியவற்றுக்கு ஓர் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். விண்டோஸிலேயே அப்படி ஒன்று இருக்கிறது:

```
C:\Users\Public\Documents
```

இதை எல்லாக் கணக்கிலிருந்தும் திறக்கலாம். அதே காரணத்தால் சம்பளப் பட்டியலையும் ஆதார் நகலையும் இங்கே போடாதீர்கள். யாரும் திறக்கலாம், யாரும் அழிக்கலாம். அவற்றை உங்கள் சொந்த Documents உறையில் வையுங்கள். நிர்வாகி உரிமை இல்லாத மற்றவர் அதைத் திறக்க முடியாது. நான்கு பேரும் ஒரே கணக்கில் நுழைகிறீர்கள் என்றால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. ஆளுக்கொரு கணக்கு வைப்பதுதான் சரி.

பிரிண்ட் கொடுத்தும் ஒன்றுமே நடக்கவில்லையா? பெரும்பாலும் பெயர் கேட்கும் கட்டம் பில் மென்பொருளின் சன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். Alt+Tab அழுத்திப் பாருங்கள். கட்டம் வந்தும் சேமிக்க மறுத்தால், அதே பெயருள்ள பழைய கோப்பு வேறெங்காவது திறந்திருக்கலாம். அதை மூடிவிட்டு, அல்லது வேறு பெயர் கொடுத்து, மறுபடி முயலுங்கள்.

ஒவ்வொரு முறையும் பெயர் கேட்காமல் இருக்கச் செய்ய முடியாதா? முடியும். பிரிண்டரைக் கையால் சேர்க்கும்போது, போர்ட் (பிரிண்டருக்குத் தகவல் போய்ச் சேரும் வழி) கேட்கும் இடத்தில் Local Port தேர்ந்தெடுத்து, அதன் பெயராகக் கோப்பின் முழுப் பாதையையே கொடுக்கலாம். பிறகு எதை அடித்தாலும் கேள்வி கேட்காமல் அந்தக் கோப்பில் போய் விழும். ஆனால் ஒவ்வொரு பிரிண்டும் முந்தையதை அழித்துவிட்டு அதே பெயரில் எழுதும். நீங்கள் அடித்த பில்லை, எடுத்து வைப்பதற்குள் அடுத்தவரின் கடிதம் அழித்திருக்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன்.

பக்கத்து மேசைக் கணினிக்கும் இந்தப் பிரிண்டரைப் பகிரலாமா? பயனில்லை. கோப்பின் பெயரைக் கேட்கும் கட்டம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வராது. வேலை வரிசையிலேயே தொங்கி நிற்கும். அந்தக் கணினியிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் அதற்கே சொந்தமாக இதே பிரிண்டர் இருக்கும். பகிர வேண்டியது கோப்பு உறையைத்தான்.

தமிழ்க் கடிதம் சரியாக வருமா? எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிச் சிதறி வரலாம். தேடினாலும் சொல் கிடைக்காமல் போகலாம். கடிதத்தில் உள்ள இணைய இணைப்புகளும் பிரிண்ட் வழியாகப் போனால் வெறும் எழுத்தாகிவிடும். வேர்டில் எழுதியதைப் பின்னால் நகலெடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், பிரிண்ட் கொடுக்காமல் Save As போய் PDF என்று தேர்ந்தெடுங்கள். இணைப்புகள் அப்படியே வேலை செய்யும். தமிழ் வரிகள் ஒழுங்காக நகலாகின்றனவா என்பதை மட்டும் ஒரு பத்தியை ஒட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூல வேர்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள்.