கொய்ங் என்று ஒரு சுருதி

ஆடி மாதக் கச்சேரி ஒன்றை முடித்துவிட்டு நள்ளிரவில் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். “அண்ணே, வண்டியில ஏதோ விசில் மாதிரி சத்தம் வருதே, ஃபேன் பெல்ட்டைப் பாருங்க” என்றேன். டிரைவர் அண்ணன் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். வண்டி அடங்கியது. விசில் அடங்கவில்லை.

மெல்லிசைக் குழுவில் 19 வருடமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன். கச்சேரி முடிந்த இரவில் காதில் பஞ்சு வைத்ததுபோல் அடைத்துக்கொள்வதும், கொய்ங் என்று இரைவதும் எங்களுக்குச் சகஜம். காலையில் எழுந்தால் போய்விடும். போய்விடுகிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். இந்த முறை நான்கு நாளாகியும் போகவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். இரைச்சல் ஒரே காதில் மட்டுமா? நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கிறதா? திடீரென்று கேட்பது குறைந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதிலும் திடீரென்று செவி மங்கினால் ஒரு நாளைக்கூட வீணாக்காமல் வந்துவிட வேண்டும் என்றார். எனக்கு மூன்றும் இல்லை. செவித்திறன் சோதனைக்கு அனுப்பினார்.

சத்தம் புகாத சின்ன அறை. ஹெட்போனில் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை மெல்லிய ஒலிகள் வரும். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவில் ஒரு வரைபடம் தந்தார்கள். கோடு ஏறக்குறைய நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்து, 8000-இல் மறுபடி கொஞ்சம் ஏறியது. சத்தத்தால் கெட்ட காதின் கைரேகை இந்தப் பள்ளம்தான் என்றார் சோதித்த அம்மா. மனைவி பேசுவது கேட்கிறது, ஆனால் ‘சட்டி’யா ‘தட்டி’யா என்று புரியவில்லை என்று நான் சொல்லிவந்ததற்கும் அதுதான் காரணம். மெய்யெழுத்துகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது.

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருளுக்குள், காதுக்குச் சுமார் 15,000 மயிர் அணுக்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவை. பெருத்த சத்தத்தில் சாய்ந்துபோகும் பயிர்போல அவை தளர்கின்றன. ஓய்வு கொடுத்தால் பல நிமிரும். கச்சேரிக்கு மறுநாள் காது தெளிந்ததன் பொருள் அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சாய்ந்தால் சில நிமிராமலே போகும். மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஓரிடத்திலிருந்து செய்தி வருவது குறைந்ததும், மைக்கில் குரல் வராவிட்டால் சவுண்டு ஆள் வால்யூமைக் கூட்டுவதுபோல, மூளை தன் பங்குக்குக் கூட்டுகிறது. அப்போது எழும் இரைச்சல்தான் டின்னிடஸ் என்பது இன்று பெரும்பாலோர் சொல்லும் விளக்கம்.

அந்த அம்மா இன்னொன்றும் செய்தார். வெவ்வேறு ஒலிகளை ஒலிக்கவிட்டு, எது என் இரைச்சலோடு பொருந்துகிறது என்று கேட்டார். சுருதி பொருந்தியது. அளவைப் பொருத்தியபோதுதான் திகைத்தேன். அந்தச் சுருதியில் எனக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிட ஐந்தாறு டெசிபல்தான் கூடுதல். இலைச் சலசலப்புகூட இல்லை. “இவ்வளவுதானா? ராத்திரி தூங்கவே விடமாட்டேங்குதே!” என்றேன். “சத்தம் சின்னதுதான் சார். அதை ஆபத்துன்னு நினைச்சு மூளை காவல் காக்குது, அதுதான் பெருசு” என்றார்.

இரைச்சலை அடியோடு நிறுத்த மாத்திரை இல்லை. விற்கப்படும் ஜின்கோ, துத்தநாக மாத்திரைகளை அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அது பரிந்துரைப்பது, இரைச்சலைப் பற்றிய பயத்தையும் கவனத்தையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குச் செவிக்கருவியும் உதவும். எனக்கு முதலில் உதவியது பழைய மேசை மின்விசிறி. நிசப்தத்தில்தான் இரைச்சல் தலைவிரித்தாடும். விசிறியை இரைச்சல் முழுக்க மறையாத அளவில், அதோடு கலந்து கேட்கும்படி ஓடவிட்டேன். முழுக்க மறைத்துவிட்டால் மூளைக்குப் பழகிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்பது அந்த அம்மாவின் கணக்கு. மெட்டாலிகா குழுவின் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிச், இரவில் எழுந்து, ஓடாத டிவியை அணைக்கப் போனதைச் சொல்லியிருக்கிறார். படித்தபோது எனக்கு என் வேன் நினைவுக்கு வந்தது. ஏழெட்டு மாதத்தில், நினைத்துப் பார்த்தால் மட்டும் கேட்கும் நிலைக்கு வந்தேன்.

அடுத்தது, மிச்சத்தைக் காப்பது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் நாளொன்றுக்குத் தரும் ரேஷன் இது: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். எங்கள் சவுண்டு ஆள் என் காதருகே மீட்டரைப் பிடித்தார். வாசிக்கும்போது சராசரி 100. மூன்று மணி நேரக் கச்சேரி என்றால் 180 நிமிடம். ஒரே இரவில் 12 நாள் ரேஷனைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மெடிக்கலில் கிடைக்கும் நுரை அடைப்பானை முதலில் வாங்கினேன். விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் நம் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும்; முழங்காவிட்டால் கசிகிறது என்று பொருள். ஆனால் நுரை மேல் சுருதியை அதிகமாகத் தின்றுவிடும். ஹை-ஹாட் காணாமல் போனது. கேட்க வேண்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

பிறகு காதுக்கு அச்செடுத்து, இசைக்காரர்களுக்கென்று வரும் வடிகட்டி வைத்த அடைப்பான் செய்துகொண்டேன். எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல், இறக்குவது அது. பாட்டு பாட்டாகவே கேட்கும், தள்ளி நின்று கேட்பதுபோல. கணக்கில் 100 என்பது 85 ஆகும். 15 நிமிடம் 8 மணி நேரமாகும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, என் மானிட்டரையும் கீழே இறக்கச் சொன்னேன். அடைப்பானைப் போட்டுக்கொண்டு மானிட்டரைக் கூட்டினால் வாங்கியதே தண்டம். வீட்டுப் பயிற்சி ரப்பர் பேடில்.

ஒரு தவறும் செய்தேன். பயத்தில் கடைத்தெருவுக்கும் கல்யாண வீட்டுக்கும் அடைப்பானோடு போனேன். சில வாரத்தில் தட்டு விழும் சத்தம்கூடக் காதைக் குத்தியது. சத்தமே இல்லாவிட்டால் மூளை வால்யூமை இன்னும் கூட்டும்; சாதாரண இடங்களில் போடாதீர்கள் என்று அதட்டி அனுப்பினார்கள்.

இப்போது அது மேடைக்கு மட்டும். அம்மாவின் பழைய குங்குமச் சிமிழில் வைத்து, ஸ்டிக் பைக்குள் போட்டிருக்கிறேன். என்னிடம் பழகும் தம்பி, போன வாரம் கச்சேரி முடிந்ததும், “அண்ணே, காது கொய்ங்ங்குது. காலையில சரியாயிடும்ல?” என்றான். சிமிழைத் திறந்து காட்டி, அச்செடுக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்தேன்.