சாயமில்லாத நீலம்

மயிலிறகு ஒன்றை எடுத்து, வெளிச்சம் அதன் மேல் விழும்படி பிடித்தால், கண்ணின் நடுவில் கருநீலமும் அதைச் சுற்றிப் பசும்நீலமும் மின்னும். அதே இறகை ஜன்னலுக்கு எதிரே உயர்த்தி, வெளிச்சம் அதை ஊடுருவி வரும்படி பாருங்கள். நீலமும் பச்சையும் காணாமல் போய், வெறும் பழுப்புதான் மிஞ்சும். இறகில் உண்மையிலேயே இருக்கும் நிறமி அதுதான்: நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே மெலனின்.

மஞ்சள் தோய்த்த துணியில் நடப்பது வேறு. மஞ்சளின் மூலக்கூறுகள் வெளிச்சத்தின் நீலப் பகுதியை விழுங்கிவிட்டு, மிச்சத்தை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகின்றன. எந்த வண்ணத்தை விழுங்குவது என்பது மூலக்கூறின் இயல்பு. நாம் எங்கே நின்று பார்த்தாலும் அது மாறாது.

மயிலிறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே காற்றுத் துளைகள். சீன ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நீலப் பகுதியில் குச்சிகளுக்கு இடையேயான தூரம் சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் சுமார் 150. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அப்படிப்பட்ட பத்தே பங்கு வித்தியாசம், நீலத்தைப் பச்சையாக்கிவிடுகிறது.

காரணம், ஒளி அலையாகப் பரவுவதுதான். மேல் வரிசையில் பட்டுத் திரும்பும் அலையைவிட, அடுத்த வரிசைவரை போய்த் திரும்பும் அலை சற்றுப் பின்தங்கி வருகிறது. எந்த வண்ணத்துக்கு அந்தப் பின்தங்கல் சரியாக ஒரு முழு அலைநீளமாக அமைகிறதோ, அந்த வண்ணத்தின் அலைகள் ஒன்றுசேர்ந்து பளிச்சிடும். மற்றவை ஒன்றையொன்று பலவீனப்படுத்திக்கொள்ளும். இறகைச் சாய்க்கும்போது இரண்டு அலைகளுக்கும் இடையிலான பின்தங்கல் குறைகிறது. ஆகவே அதைவிடக் குறுகிய அலைநீளம்தான் இப்போது பொருந்தும்; நிறம் நீலத்தின் பக்கமாக நகர்கிறது.

இது சாயமல்ல என்பதை ஒரு சொட்டுத் திரவமே காட்டிக்கொடுக்கும். ராபர்ட் ஹூக் 1665இலேயே, நனைந்த மயிலிறகு தன் நிறங்களை இழப்பதைப் பதிவுசெய்தார். தென் அமெரிக்காவின் மார்ஃபோ பட்டாம்பூச்சியில் இது இன்னும் தெளிவு. அதன் செதில்களில் கைட்டின் தட்டுகளும் காற்று இடைவெளிகளும் மாறிமாறி அடுக்கியிருக்கும். ஆல்கஹால் விட்டால் காற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஒளிக்குக் காற்றைவிட ஆல்கஹாலில் வேகம் குறைவு என்பதால் பின்தங்கல் கூடுகிறது, நீலம் பச்சையாகிறது. காய்ந்ததும் நீலம் திரும்பிவிடும்.

மார்ஃபோவின் தட்டு வரிசைகள் ஒரே மட்டத்தில் அமையாமல் சற்று முன்பின்னாக இருப்பதால், அதன் நீலம் அகன்ற கோணத்துக்குப் பெரிதாக மாறாமல் நிற்கும். நிறம் எவ்வளவு மாறும் என்பதுகூட அடுக்கின் ஒழுங்கைப் பொறுத்ததே.

வெள்ளை மயிலின் இறகில் மெலனின் இல்லை. மெலனின் இல்லையென்றால் அடுக்கக் குச்சிகளும் இல்லை. எல்லா அலைகளும் ஒன்றுபோலச் சிதறி, இறகு முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. தோகையின் நீலத்தையும் பச்சையையும் உண்டாக்குவது, அந்தப் பழுப்பு நிறமி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான்.