நிமிர்ந்து நின்றால் எத்தனை சென்டிமீட்டர்?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்களில் பெரும்பாலான பிரிவினருக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. வீட்டில் அளந்தபோது 168 காட்டிய பையனிடம், "கூன் போடாம நிமிர்ந்து நில்லுடா, வந்துரும்" என்று சொல்லி அனுப்புவார்கள். வருமா?

எலும்பின் நீளம் நிமிர்வதால் கூடாது. முதுகும் கழுத்தும் வளையும்போது அந்த நீளத்தில் ஒரு பகுதி மேல்நோக்கிப் போகாமல் முன்பக்கம் போய்விடுகிறது. கூனல் மறைப்பது இதைத்தான். எவ்வளவு மறைக்கும் என்பதைப் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். மேல்முதுகை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது வழக்கத்தைவிட 15 டிகிரி முன்னால் சாய்ந்தால் 1 செ.மீ. குறையும். கழுத்து 12 செ.மீ.; அது 30 டிகிரி சாய்ந்தால் இன்னொரு 1.6 செ.மீ. முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்பதையும் சேர்த்தால் மொத்தம் 3 செ.மீ. அளவுக்கு வரும். கைபேசியைப் பார்த்தபடி நிற்கும் பலருடைய கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. சாய்வு இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதே மேல்முதுகு 30 டிகிரி சாய்ந்தால் போவது 1 செ.மீ. அல்ல, 4 செ.மீ. மறுபுறம், 5 டிகிரி சாய்வில் இழப்பு ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் நன்றாகக் கூனுகிறவர் நிமிர்ந்தால் பார்த்தவுடன் தெரியும். ஓரளவு நேராக நிற்பவர் எவ்வளவு முயன்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது.

தேர்வில் அளக்கும்போதோ கூனலுக்கு இடமே இல்லை. குதிகால், பிட்டம், தோள்பட்டை எல்லாம் பலகையில் ஒட்டி, பார்வை நேராக இருக்க வேண்டும். அதாவது நிமிர்வதால் கிடைக்கக்கூடியது அந்த அளவிலேயே அடங்கிவிடுகிறது. சிலர் இன்னும் கொஞ்சம் உயரலாம் என்று மோவாயைத் தூக்குவார்கள். அப்போது தலை பின்னால் சாய்ந்து உச்சி கீழே இறங்கும். நெஞ்சை அளவுக்கு மீறி முன்தள்ளினால் இடுப்பில் வளைவு கூடி, அங்கேயும் சில மில்லிமீட்டர் போகும். மூச்சை நன்றாக இழுத்து, யாரோ உச்சந்தலையை மேலே தூக்குவதுபோல நினைத்து நிற்பதுதான் சரியான வழி.

உண்மையில் உடல் கூடிக் குறைவது வேறோர் இடத்தில். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகிறது. நின்று நடமாடினால் பாரத்தில் அந்த நீர் கசிந்து தட்டையாகிறது. காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் இரவுக்குள் 1 முதல் 2 செ.மீ. குறையும். அதில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். ஆகவே 169.5 இருப்பவருக்கு, அளக்கும் நேரம் நிமிர்வதைவிட முக்கியம். விண்வெளியில் பாரமே இல்லாததால் டிஸ்க் உப்பியே இருக்கிறது. 2018 ஜனவரியில் ஜப்பானிய விண்வெளி வீரர் நோரிஷிகே கனாய் தான் 9 செ.மீ. வளர்ந்துவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். சந்தேகம் வந்து மறுபடி அளந்தபோது அது வெறும் 2 செ.மீ.! அளவெடுப்பதில் பிசகுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வீட்டில் அளக்கிறவர்கள் தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவதில்தான் பிசகு நேர்கிறது. ஸ்கேல் சற்றே சரிந்தாலும் 1 செ.மீ. கூடும், குறையும். தடித்த அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, அப்படியே தலைமேல் இறக்க வேண்டும். வெறுங்காலோடு, விரிப்பில்லாத தரையில் நிற்க வேண்டும். மூன்று முறை அளந்து, மூன்றும் அரை செ.மீ. வித்தியாசத்துக்குள் வந்தால் நம்பலாம். பிறகு வழக்கம்போலத் தளர்ந்து நின்று ஒரு முறை அளந்தால், உங்கள் கூனல் மறைப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் நிமிர்த்தக்கூடிய முதுகுக்குத்தான். வயதானவர்களின் கூனல் பல சமயம் பழக்கத்தால் வருவதல்ல. எலும்பு மெலிந்து, முள்ளெலும்பின் முன்பகுதி நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். அதிகம் வலிக்காமலே இது நடப்பதும் உண்டு. குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கும்போது எவ்வளவு முயன்றும் பின்மண்டை சுவரைத் தொடாவிட்டால், தலையணையில்லாமல் மல்லாந்து படுத்தாலும் தலை தரையில் பதியாவிட்டால், அந்தக் கூனல் இறுகிப்போனது. அந்த அம்மாளிடம் "நிமிர்ந்து நில்லுங்க" என்று சொல்லிப் பயனில்லை. இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள் மருத்துவர்கள்.