குழம்பிய நகரமும் நசுங்கிய தகரமும்

குழம்பிய நகரம் பாவிகள் போகுமிடம் (4)

வழக்கமான குறுக்கெழுத்துப் போட்டியாக இருந்தால் ‘பாவிகள் போகுமிடம்’ என்று மட்டும் கேட்டிருப்பார்கள். நரகம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்போம். கிரிப்டிக் எனப்படும் வகையிலோ அதற்கு முன்னால் இன்னும் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன. ‘நகரம்’ என்பதன் எழுத்துகளைக் குழப்பி வேறுவிதமாக அடுக்கிப் பாருங்கள், அதே நரகம் வரும். ஒரே விடைக்கு ஒரு குறிப்புக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒரு பாதி பொருளைச் சொல்கிறது, மறுபாதி எழுத்துகளைத் தருகிறது. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால் விடை சரிதானா என்று மறுநாள் இதழைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்த வகைப் புதிர் 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. அதன் நேர்மை விதிகளை ஒழுங்குபடுத்தி 1966இல் நூலாக எழுதியவர், ஸிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட். தமிழிலும் இது நன்றாகவே நடக்கும் என்பதற்கு, அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களே சாட்சி. இங்கே தரும் குறிப்புகள் இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்தவை.

முதலில் செய்ய வேண்டியது, குறிப்பை ஒரு வாக்கியமாகப் படிப்பதை நிறுத்துவது. அது இரண்டு துண்டுகளின் ஒட்டு. பொருள் சொல்லும் துண்டு ஏறக்குறைய எப்போதும் தொடக்கத்திலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் இராது. ஆகவே இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாக வெட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பார்ப்போம்.

மலையின் தலையில் நசுங்கிய தகரம், பச்சை மணி (5)

படித்தவுடன் ஏதோ ஒரு குன்றின் மேல் கிடக்கும் தகரமும் கோயில் மணியும் கண்முன் வருகின்றன. புதிர் அமைப்பவர் விரும்புவதும் அதைத்தான். முன்பக்கம் வெட்டினால் ‘மலையின் தலை’ கிடைக்கிறது. சிகரமாக இருக்குமோ? அதற்கு நான்கே எழுத்து. கொடுமுடிக்கும் நான்குதான். நமக்கு வேண்டியது ஐந்து. பின்பக்கம் வெட்டினால் ‘பச்சை மணி’. மணி என்றால் அடிக்கும் மணி மட்டுமா, நவமணிகளும் உண்டே என்று தோன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனாலும் அவசரப்படாமல் மறுபாதியையும் பார்த்துவிடுவோம்.

‘நசுங்கிய’ என்ற சொல் எதற்காக இருக்கிறது? எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் அடையாளம் அது. குழம்பிய, உடைந்த, சிதறிய, ஆடிய, தடுமாறிய, புரட்டிய, கெட்டுப்போன என்று ஒழுங்கு குலைவதைச் சொல்லும் எந்தச் சொல்லும் அனகிராம் இருப்பதைக் காட்டலாம். அதன் பக்கத்திலேயே கலைக்க வேண்டிய எழுத்துகள் இருக்கும். இங்கே ‘தகரம்’ என்ற நான்கு எழுத்து. ஐந்தாவது எங்கே? மலையின் தலையில், அதாவது அந்தச் சொல்லின் முதல் எழுத்தான ‘ம’. இப்போது கையில் ம, த, க, ர, ம் என்று ஐந்து எழுத்துகள் சேர்ந்துவிட்டன.

ஐந்து வெவ்வேறு எழுத்துகளை 120 விதமாக அடுக்கலாம். ஆனால் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து இருக்கும் விதி. எனவே ‘ம்’ முதல் கட்டத்தில் வராது. சொல்லின் நடுவில் அது வந்தால் பெரும்பாலும் ப, ம ஆகியவற்றின் முன்னால்தான் நிற்கும். அதனால் கடைசிக் கட்டத்தை அதற்குக் கொடுத்துவிடலாம். ‘ம’ தலையில் உட்கார்ந்துவிட்டது. மீதி மூன்று எழுத்துகளுக்கு ஆறே வரிசைகள். அந்த ஆறையும் வாய்விட்டுச் சொன்னால் மரகதம் தானாகவே காதில் விழும். பச்சை மணியும் அதுவே.

இந்த மெய்யெழுத்துப் பிடி நீளமான அனகிராம்களில் இன்னும் கைகொடுக்கும். கலைந்த எழுத்துகளில் ‘ங்’ இருந்தால் அதன் பின்னால் ககர வரிசை எழுத்து ஒன்றைத் தேடி ஒட்டிவிடலாம். ‘ட்’ இருந்தால் அடுத்தது பெரும்பாலும் டகர வரிசையாக இருக்கும். டி, ணை, ளா, ழு, றை போன்றவை தமிழ்ச் சொல்லின் முதலில் வராதவை என்பதால் அவற்றை நடுவுக்கோ கடைசிக்கோ தள்ளிவிடலாம். ஒரு உயிர்மெய் ஒரு கட்டம் என்பதால் காலையோ கொம்பையோ பிய்த்து வேறு எழுத்துக்கு மாட்டும் வேலையும் இல்லை.

அடுத்தது ஒளிந்திருக்கும் சொல். இங்கே எழுத்துகளின் வரிசை மாறுவதே இல்லை.

‘வருக, விதைப்போம்’ என்றதன் நடுவே பாரதி எழுதியது (3)

கடைசித் துண்டான ‘பாரதி எழுதியது’ பொருள். ‘நடுவே’ என்பது ஒளிந்த சொல்லுக்கான அடையாளம். உள்ளே, இடையில், மறைத்த, சுமந்த, ஓரளவு போன்றவையும் இதே வேலையைச் செய்யும். காற்புள்ளியையும் இடைவெளியையும் மறந்து எழுத்துகளை மட்டும் வரிசையாகப் படித்தால் வ, ரு, க, வி, தை, ப், போ, ம். நடுவில் கவிதை இருக்கிறது. இரண்டு சொற்களின் மேல் கால் பரப்பி நிற்பதால்தான் கண் அதைத் தவறவிடுகிறது.

அடையாளச் சொல் இரண்டில் எதைச் சொல்கிறது என்ற சந்தேகம் அடிக்கடி வரும். அப்போது எழுத்துகளை எண்ணுங்கள். பக்கத்துச் சொற்களின் எழுத்துத் தொகை அடைப்புக்குள் உள்ள எண்ணுக்குச் சமமானால் கலைத்துப் பாருங்கள். தொகை கூடுதலாக இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள குறிப்பில் எட்டு எழுத்துகளுக்குள் மூன்றெழுத்து விடை இருந்தது. எண்ணாமல் கலைக்கத் தொடங்குவதுதான் புதியவர்களின் நேரத்தை அதிகம் தின்கிறது.

எண்ணியும் சரிவரவில்லை என்றால் தவறு அமைத்தவருடையதாகவும் இருக்கலாம். ‘தடுமாறிப் பேசித் தொலை, தூரத்துக் குரலைக் கேட்க உதவும் (4)’ என்ற குறிப்பு கேட்க அழகாக இருக்கிறது. விடை தொலைபேசி. ஆனால் ‘பேசித் தொலை’ ஐந்து எழுத்து. சந்தியில் வந்த ‘த்’ போவதற்கு இடமில்லாமல் நிற்கிறது. தமிழில் அமைப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதைவிடப் பெரிய பிழை மறைமுக அனகிராம். ‘கோபுர உச்சியில் உடைந்தது, அனைத்தும் (4)’ என்று கேட்டால், தீர்ப்பவர் முதலில் கோபுர உச்சியில் இருப்பது கலசம் என்று ஊகித்து, பிறகு அதைக் கலைத்துச் சகலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். விமானம் என்றோ கொடி என்றோ நினைத்தவர் வழிதவறியதைத் தெரிந்துகொள்ளவே முடியாது. கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்ற விதியை ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இதனால்தான் உறுதியாகப் பிடித்திருக்கிறார்கள். தமிழிலும் அதை விடக்கூடாது என்பது என் கருத்து. ‘உடைந்த கலசம் அனைத்தும் (4)’ என்று எழுதினால் எழுத்துகள் எல்லாம் முன்னால் இருக்கின்றன, வாக்கியமும் இயல்பாக ஓடுகிறது.

இனி ஒன்றை நீங்களே வெட்டிப் பாருங்கள். அடையாளச் சொல்லைக் கண்டுபிடித்த பிறகு, எண்ண மறக்காதீர்கள்.

நனைந்தவளை உள்ளே தேடினால் மழை கண்டு கத்துவது (3)